என்னாகுமோ வளர்ந்ததும் சுருங்கியதும்

பகலெல்லாம் முற்றத்தில் ஓடியாடித் திரிந்த ஐந்து வயதுக் குழந்தை, இரவில் தலையணையிற் சாய்ந்த பின்னர், "அம்மா, நாளைக்கு ரீச்சர் ஏசுவாவோ?" என்று மெல்லக் கேட்கின்றது. காலையில் நிகழ்ந்த ஏதோவொரு சிறு சம்பவமே அதற்குக் காரணமாக இருக்கும். விளையாட்டு வேளையில் அதன் நினைவே குழந்தைக்கு இருந்ததில்லை. விளக்கை அணைத்த பின்னரே அது தலைதூக்குகின்றது. இக்கேள்விக்கு நாம் வழக்கமாகக் கூறும் விடை, "ஒன்றுமில்லை, பேசாமற் படு" என்பதாகும். குழந்தையும் பேசாமற் படுக்கின்றது, ஆனால் உறங்குவதில்லை.

இஃது ஏதோ சில குழந்தைகட்கு மாத்திரம் உரிய குறையன்று. நெதர்லாந்து நாட்டில் நான்கு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 176 சிறுவரை ஆராய்ந்து 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் அறிக்கையில், நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் தமக்கு இரவில் அச்சம் தோன்றுவதுண்டு எனக் கூறியிருந்தனர். அவர்களுடைய பெற்றோரைக் கேட்டபோது அவர்கள் சொன்ன தொகையோ அதனினும் மிகக் குறைவு. குழந்தைகளின் இராக்கவலையிற் பெரும் பகுதி பெற்றோரின் காதுக்கு எட்டுவதேயில்லை என்பதே இதன் பொருள்.

இரவில் ஏன் இவ்வாறு நேர்கின்றது? பகலிற் குழந்தையின் கையும் கண்ணும் வேலையில் ஈடுபட்டிருக்கின்றன. ஒரு நினைவு வந்தால் அதை மற்றொன்று தள்ளிவிடுகின்றது. படுத்த பின்னரோ கைக்கு வேலையில்லை, கண்ணுக்குக் காட்சியில்லை. தாயும் எழுந்து அப்பாற் போகும் வேளை நெருங்குகின்றது. அப்போது மனத்தில் எஞ்சியிருக்கும் ஒரு சிறு நினைவு தனக்குரிய இடத்திலும் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளுகின்றது. கவலையின் அளவு மாறவில்லை. அதைச் சூழ்ந்திருந்த ஏனையவை நீங்கிவிட்டன. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்த நியாயத்தை விளக்க முடியாது. அதனைக் கதையாகச் சொல்லலாம்.

நான்கு வயது தொடக்கம் ஏழெட்டு வயது வரையுள்ள பிள்ளைகட்கு உறங்கும் வேளையிற் சொல்லத்தக்க ஒரு கதையை இங்கே முழுமையாகத் தருகின்றோம். நிதானமாகச் சொன்னால் ஏழு, எட்டு நிமிடங்களிற் சொல்லி முடிக்கலாம். பின்னர் அது ஏன் இவ்வாறு அமைந்திருக்கின்றது என்பதையும், தத்தம் வீட்டுப் பிள்ளையின் கவலைக்கேற்ப அதனை மாற்றிக்கொள்வது எவ்வாறு என்பதையும் நோக்குவோம்.

கதை

ஓர் ஊரிலே மலர் என்றொரு சின்னப் பிள்ளை இருந்தாள். ஒரு நாள் பாடசாலையிலே படம் கீறும்போது, பக்கத்தில் இருந்த செல்வனிடம் அழிறப்பரை இரவல் வாங்கினாள். அது நீல நிற அழிறப்பர். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. எல்லாரும் ஓடினார்கள், மலரும் ஓடினாள்.

வீட்டுக்கு வந்து சட்டைப் பைக்குள்ளே கையை விட்டாள். அங்கே என்ன இருந்தது? செல்வனின் நீல அழிறப்பர்!

அப்போது பையின் மூலையிலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது. "என்னாகுமோ?"

மலர் குனிந்து பார்த்தாள். அங்கே கறுப்பாய், உருண்டையாய், ஓர் உழுந்தளவில் என்னவோ ஒன்று இருந்தது.

"நீ ஆர்?" என்று கேட்டாள்.

"என்ரை பேர்தான் என்னாகுமோ" என்றது அது.

மலருக்கு விளையாடப் போக அவசரம். அழிறப்பரைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

பொழுது சாய்ந்தது. மலர் கிணற்றடியிலே முகம் கழுவினாள். "செல்வன் தேடினால் என்னாகுமோ?" என்றது அது. இப்போது அது ஒரு புளியங்கொட்டையளவு.

மலர் இடியப்பமும் சொதியும் சாப்பிட உட்கார்ந்தாள். "செல்வன் கோபித்தால் என்னாகுமோ?" என்றது. இப்போது அது ஒரு தேசிக்காயளவு. மலருக்கு இடியப்பம் இறங்கவில்லை.

மலர் பாயிலே படுத்தாள். "செல்வன் ரீச்சரிடம் சொன்னால் என்னாகுமோ?" என்றது. இப்போது அது ஒரு தேங்காயளவு.

விளக்கை அணைத்தார்கள். "இனி ஒருவரும் மலரோடு விளையாடாவிட்டால் என்னாகுமோ?" என்றது. இப்போது அது ஒரு கடகமளவு! பாயிலே மலருக்குப் படுக்க இடமில்லை.

"அம்மம்மா!" என்று கூப்பிட்டாள் மலர்.

அம்மம்மா வந்தார். பாயின் ஓரத்திலே இருந்தார். "பிள்ளையின்ரை பாயிலை ஆரோ வந்து படுத்திருக்கினம் போலை கிடக்கு. எவ்வளவு பெரிசு, குஞ்சு?" என்று கேட்டார்.

"கடகமளவு, அம்மம்மா."

"கடகமெண்டால் பெரிசுதான். அது என்ன சொல்லுது?"

"இனி ஒருத்தரும் என்னோடை விளையாடாட்டி என்னாகுமோ எண்டு சொல்லுது."

"சரி. ஒருத்தரும் விளையாடாட்டி, பிள்ளை என்ன செய்வாய்?"

மலர் யோசித்தாள். "தங்கச்சியோடை விளையாடுவன். பிறகு மெல்லப் போய் செல்வனைக் கேட்டுப் பார்ப்பன்" என்றாள்.

புஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. கடகம் தேங்காயளவாகிவிட்டது.

"இப்ப என்ன சொல்லுது?"

"செல்வன் ரீச்சரிட்டைச் சொன்னால் என்னாகுமோ எண்டு சொல்லுது."

"சொன்னால், பிள்ளை என்ன செய்வாய்?"

"இரவல் வாங்கினனான், குடுக்க மறந்துபோனன் எண்டு சொல்லுவன்."

புஸ்! தேங்காய் தேசிக்காயளவாகிவிட்டது.

"இப்ப?"

"செல்வன் கோவிச்சால் என்னாகுமோ எண்டு சொல்லுது."

"கோவிச்சால், பிள்ளை என்ன செய்வாய்?"

மலர் யோசித்தாள். மறுபடியும் யோசித்தாள். "தெரியாது, அம்மம்மா" என்றாள். தேசிக்காய் தேசிக்காயாகவே இருந்தது. அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. மலரின் தலையைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்தார். வெளியிலே பனையோலை சரசரத்தது.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு மலர் சொன்னாள்: "கோவம் போகுமட்டும் பக்கத்திலை இருப்பன்."

புஸ்! தேசிக்காய் புளியங்கொட்டையளவாகிவிட்டது.

"இப்ப என்ன சொல்லுது?"

"செல்வன் தேடினால் என்னாகுமோ எண்டு சொல்லுது." இதைச் சொன்னதும் மலர் தானாகவே எழுந்தாள். சட்டைப் பையிலிருந்து நீல அழிறப்பரை எடுத்தாள். புத்தகப் பைக்குள்ளே, பென்சில் பெட்டிக்குள்ளே, வைத்து மூடினாள். திரும்பி வந்து பார்த்தாள். பாயிலே ஓர் உழுந்து கிடந்தது.

"முழுக்கப் போகேல்லையே, அம்மம்மா?"

"அழிறப்பர் செல்வன்ரை கைக்குப் போகுமட்டும் அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். உழுந்தளவெண்டால் பிள்ளைக்குப் படுக்க இடம் காணுந்தானே?"

அம்மம்மா தமது கொட்டப்பெட்டியை எடுத்து நீட்டினார். மலர் உழுந்தை எடுத்து உள்ளே வைத்து மூடினாள். பெட்டிக்குள்ளேயிருந்து, "என்னா... கு..." என்று ஒரு குரல் கேட்டது. பிறகு ஒரு சின்னக் கொட்டாவி. பிறகு ஒன்றும் இல்லை.

மலரும் கண்ணை மூடினாள்.

வளர்ச்சி விரைவு, சுருக்கம் நிதானம்

இக்கதையில் ஐந்து அளவுகள் உள: உழுந்து, புளியங்கொட்டை, தேசிக்காய், தேங்காய், கடகம். ஐந்துமே குழந்தை கையாற் தொட்டறிந்த பொருள்கள். ஐந்தென்பது ஒரு கை விரல்களில் அடங்குந் தொகையாதலால், நாலு வயதுப் பிள்ளையும் வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளும். கதை சொல்வோர் இவற்றைக் கையாலும் காட்டுதல் வேண்டும். உழுந்துக்கு விரல் நுனி, புளியங்கொட்டைக்கு இரு விரல், தேசிக்காய்க்கு மூடிய கை, தேங்காய்க்கு இரு கையுஞ் சேர்ந்த குவியல், கடகத்துக்கு விரித்த கரங்கள். இருளிற் கை தெரியாவிடின் குழந்தையின் உள்ளங்கையையே பிடித்து அதில் அளவைக் காட்டலாம்.

ஏறும் பகுதியில் அளவொன்றுக்கு ஓரிரு வாக்கியங்களே உள. இறங்கும் பகுதியிலோ ஒவ்வோர் அளவுக்கும் ஒரு கேள்வியும் ஒரு விடையும் உண்டு. இதனைத் தலைகீழாகச் செய்வோர் பலர். கவலை பூதமாய் வளர்ந்து வீட்டை நிரப்பி, கூரையைப் பிய்த்தெறிந்து, ஊரையே விழுங்கப் போவதைச் சுவைபட நீட்டிச் சொல்லிவிட்டு, "பிறகு அது ஓடிப்போய்விட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவர். கேட்ட பிள்ளையின் மனத்தில் நீண்ட பகுதியே நிலைக்கும். ஆகவேதான் நாம் கடகத்தோடு நிறுத்தினோம். கடகம் ஒருவர் தூக்கக்கூடிய பொருள். அதற்கு மேல் அளவை ஏற்றினால் குழந்தை விழித்தெழுந்து உட்கார்ந்துவிடும். குரல் மாறும், பிடி இறுகும். இக்குறிகளைக் கண்டால் உடனே "அம்மம்மா!" என்று கூப்பிடும் இடத்துக்குக் கதையைக் கொண்டுவந்துவிடுதல் நன்று.

கேள்வியை முடித்துவைத்தல்

கதையில் அம்மம்மா ஓரிடத்திலேனும் "அப்படி ஒன்றும் நடவாது" என்று சொல்லவில்லை என்பதை வாசகர் கவனித்திருக்கலாம். கதையின் உயிர்நிலை அதுவே.

கவலையென்பது பாதியில் நின்றுவிட்ட ஒரு கேள்வி. "ரீச்சரிடம் சொன்னால் என்னாகுமோ?" என்று மனம் கேட்கின்றது, விடை காணுமுன்னரே அடுத்த கேள்விக்குத் தாவுகின்றது. விடையில்லாக் கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறுவதாலேயே உழுந்து கடகமாகின்றது. "ஒன்றும் நடவாது" என்று நாம் கூறும்போது கேள்வியை மூடுகின்றோமேயன்றி முடித்துவைப்பதில்லை. குழந்தைக்குச் சிறிது ஆறுதல் உண்டாகும். சில நிமிடங்களில் அதே கேள்வியை மறுபடி கேட்கும். நாம் மறுபடி அதையே கூறுவோம். ஒரே இரவில் மும்முறை ஒரே கேள்வி வருமாயின், நமது விடை வேலை செய்யவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

"அதை நினையாதே" என்பது இன்னும் பயனற்றது. அமெரிக்க உளவியலறிஞர் தானியல் வெக்னரும் அவருடைய கூட்டாளிகளும் 1987ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். மாணவர் சிலரை ஐந்து நிமிட நேரம் வெண்கரடி ஒன்றை நினையாதிருக்கும்படி பணித்து, நினைவு வந்தால் மணியை அடிக்கும்படி கூறினர். மணி பலமுறை அடித்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் "இனி நினைக்கலாம்" என்று விட்டபோது, தொடக்கத்திலேயே நினைக்கும்படி கூறப்பட்டவர்களைக் காட்டிலும் இவர்கட்கே கரடியின் நினைவு மிகுதியாக வந்தது. வளர்ந்த மாணவரின் நிலை இதுவாயின், ஐந்து வயதுக் குழந்தையை நாம் என்ன சொல்ல இருக்கின்றது?

ஆகவே அம்மம்மா மூன்று கேள்விகளையே கையாளுகின்றார். எவ்வளவு பெரிது? அது என்ன சொல்லுகின்றது? அப்படி நடந்தால் நீ என்ன செய்வாய்? முதலாவது கேள்வி கவலைக்கு ஓர் எல்லையை அளிக்கின்றது. அளவிடப்படுவது எதற்கும் ஓர் ஓரம் உண்டல்லவா? இரண்டாவது, அதனை வாய்விட்டுச் சொல்லவைக்கின்றது. மூன்றாவது கேள்வியோ பாதியில் நின்ற வாக்கியத்தை முடித்துவைக்கின்றது.

விடையைக் கூறுபவள் மலரே என்பதும் கவனித்தற்குரியது. "தெரியாது" என்று அவள் நின்ற இடத்தில் அம்மம்மா முந்திக்கொண்டு விடை சொல்லியிருப்பின், கதை அம்மம்மாவின் கெட்டித்தனத்தைப் பற்றியதாகிவிடும். கதை சொல்வோரும் அவ்விடத்திற் சிறிது நேரம் உண்மையாகவே மௌனமாயிருத்தல் வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை அப்பொழுது தானே ஒரு விடையைச் சொல்லிவிடுவதும் உண்டு. அது நம் கதையில் உள்ள விடையினும் வேறானதாக இருந்தால், மலரும் அதையே சொன்னாள் என்று மாற்றிக்கொள்வதில் ஒரு நட்டமுமில்லை.

பெயரிடுவதன் பயன்

கவலைக்கு "என்னாகுமோ" என்று ஒரு பெயரும் உருவும் கொடுத்தமை வெறும் வேடிக்கைக்காகவன்று. அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரிற் பணியாற்றிய மைக்கல் வைட் என்பார், குடும்பத்தோடு வரும் சிறுவரின் தொல்லைகளுக்குத் தனிப் பெயரிட்டு, அத்தொல்லையைப் பிள்ளைக்கு வெளியே நிற்கும் ஒருவரைப்போலப் பேசும் முறையை 1980களில் வளர்த்தெடுத்தார். நியூசிலாந்தைச் சேர்ந்த தாவீது எப்ஸ்ரனுடன் இணைந்து அவர் 1990இல் ஒரு நூலும் வெளியிட்டார். அம்முறையின் சாரம் எளிது. "நீ பயந்தாங்கொள்ளி" என்னும்போது குழந்தையும் குறையும் ஒன்றாகிவிடுகின்றன. குறையை எதிர்த்தால் குழந்தை தன்னையே எதிர்க்க வேண்டியதாகும். "இன்றைக்கு என்னாகுமோ வந்திருக்கின்றதா?" என்று கேட்கும்போதோ குழந்தையும் தாயும் ஒரு பக்கத்தில் நிற்கின்றனர், கவலை மறுபக்கத்தில் நிற்கின்றது.

ஆயினும் அதனைப் பகைவனாக்கிக் கொல்லுதல் ஆகாது. கொன்ற பூதத்தின் தம்பி மறுநாள் இரவு வருவான் என்பது குழந்தைகட்கு நன்கு தெரியும். மலர் அதனைப் பெட்டியில் வைத்து உறங்கச் செய்கின்றாள். அவ்வாறு செய்கையில் அச்சங்கொண்டவள் பராமரிப்பவளாக மாறுகின்றாள். இதற்கு ஒப்பான ஒன்றை 2006ஆம் ஆண்டு யுத்தத்தின்போது இசுரவேல் நாட்டு ஆய்வாளர் செய்து பார்த்தனர். இடம்பெயர்ந்த சின்னஞ்சிறு பிள்ளைகட்கு நாய்க்குட்டிப் பொம்மை ஒன்றைக் கொடுத்து, அது வீட்டைப் பிரிந்து வாடியிருக்கின்றது, அதனை அணைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உன்னுடையது என்றனர். பொம்மையோடு நெருங்கிப் பழகி அதனைப் பேணிய பிள்ளைகளின் கலக்கம் கூடுதலாகத் தணிந்ததென 2008இல் அவர்கள் வெளியிட்டனர்.

ஏன் முழுதும் மறையவில்லை?

கவலை அடியோடு அழிந்ததென்று முடித்தாலென்ன என்று சிலர் கேட்கலாம். அழிறப்பர் இன்னும் மலரிடமே இருக்கின்றது. செல்வன் காலையில் என்ன சொல்வான் என்பது அம்மம்மாவுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகக் கூறிக் கதையை முடித்தால், மறுநாள் செல்வன் உண்மையிலேயே கோபித்துக்கொண்ட பிள்ளைக்கு அக்கதை மேலும், கதை சொன்னவர் மேலும் நம்பிக்கை குன்றும். அதனாலேயே கதையில் மறுநாட் காலை வரவேயில்லை. அன்றிரவு செய்யக்கூடியது ஒன்றேயொன்று. அழிறப்பரைப் பென்சில் பெட்டிக்குள் வைப்பது. அதைச் செய்தாயிற்று. எஞ்சியது உழுந்தளவு. அதனோடு உறங்கலாம் என்பதே குழந்தை அறியவேண்டியது.

கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிகின்றது?" என்று நீதி கேட்டலும் வேண்டாம். அக்கேள்வி குழந்தையை மறுபடி விழிக்கவைத்துவிடும்.

நம் வீட்டுக்கேற்ப மாற்றுதல்

குழந்தைக்குப் பல் ஆடுகின்றது. நித்திரையில் விழுங்கிவிடுவேனோ என்று அஞ்சுகின்றது எனக் கொள்வோம். அதே பல்லைப் பற்றிக் கதை சொன்னால் அது தன்னைப் பற்றிய விசாரணை என்று பிள்ளை உணர்ந்துவிடும். ஆகவே கதையில் ஆடும் பல் முயற்குட்டிக்கு இருக்கட்டும்; பாத்திரம் மாறினாற் போதும், கவலையின் படிகள் மாறவேண்டியதில்லை. பல் ஆடுகின்றதே, உழுந்து. பல் விழுந்தால், புளியங்கொட்டை. இரத்தம் வந்தால், தேசிக்காய். விழுங்கிவிட்டால், தேங்காய். மறுபடி முளைக்காவிட்டால், கடகம்.

இறங்கும்போது ஒவ்வொன்றுக்கும் விடை வேண்டும். விடை உண்மையாகவும் இருத்தல் வேண்டும். மறுபடி முளைக்காவிட்டால்? பெரியண்ணா முயலின் வாயைத் திறந்து பார்க்கலாம். அவருக்கும் விழுந்து முளைத்ததுதான். விழுங்கிவிட்டால்? விழுங்கிய பாற்பல் பொதுவாக ஒரு தீங்குமின்றி மலத்தோடு வெளியேறிவிடும். இதைக் கேட்டால் எந்தப் பிள்ளையும் சிரிக்கும். இரத்தம் வந்தால்? சுத்தமான துணியை மடித்துக் கடித்துக்கொண்டிருந்தால் நின்றுவிடும். விழுந்தால்? கூரைமேல் எறியலாம். கடைசியாகக் கையாற் செய்யும் ஒரு காரியம் வேண்டும். நாளைக்குப் பல்லைச் சுற்றிவைக்க ஒரு சிறு துணியைத் தலைமாட்டில் எடுத்து வைக்கட்டும். பல் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். அதுவே எஞ்சிய உழுந்து.

கதைக்கு அடங்காதவை

எல்லாக் கவலையும் உழுந்திலிருந்து கடகமானவையல்ல. பாடசாலையிலோ வழியிலோ வீட்டிலோ ஒருவர் குழந்தையை அடிப்பதோ, அச்சுறுத்துவதோ, தகாத முறையிற் தொடுவதோ உண்டாயின், அது தொடக்கத்திலேயே கடகம். அதனைக் கதை சொல்லிச் சுருக்க முயல்வது குழந்தைக்குச் செய்யும் தீமையாகும். "அது என்ன சொல்லுகின்றது?" என்று கேட்கும்போது வரும் விடையை ஆறுதலோடு செவிமடுத்து, கதையை அங்கேயே நிறுத்தி, மறுநாட் காலையில் பெரியவர்கள் செய்யவேண்டியதைச் செய்தல் வேண்டும்.

குழந்தை வாய்திறந்து சொல்லாவிடினும் சில குறிகளால் ஊகிக்கலாம். ஒரே கவலை வாரக்கணக்கில் நீடித்தல், பாடசாலை நாட்களின் காலைகளில் மாத்திரம் வயிற்றுவலி வருதல், நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குதல், விரும்பி விளையாடிய விளையாட்டைக் கைவிடுதல், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டதும் ஒதுங்குதல் என்பன அவை. இவை தோன்றின் வகுப்பாசிரியரையும் வைத்தியரையும் காணுதல் முறை. வீட்டில் ஒரு மரணமோ பிரிவோ நேர்ந்திருப்பினும் இக்கதை பொருந்தாது. துயரம் வேறு, கவலை வேறு. துயரத்துக்கு "நீ என்ன செய்வாய்?" என்று கேட்பது கொடுமை.

ஆனால் ஒன்று கூறுவோம். சிறு கவலையைச் சொன்னபோது "ஒன்றுமில்லை, படு" என்று கேட்டுப் பழகிய பிள்ளை, பெருங் கவலை வரும் நாளிலும் அவ்விடையையே எதிர்பார்த்து வாயை மூடிக்கொள்ளக்கூடும். அழிறப்பரைப் பற்றிக் கேட்க எட்டு நிமிடம் ஒதுக்கிய தாயிடம், வேறொன்றைச் சொல்லவும் பிள்ளைக்கு வழி திறந்திருக்கும்.

மலரின் கதையைப் பிள்ளைகள் அடுத்தடுத்த இரவுகளிலும் கேட்கலாம். ஒவ்வொரு முறையும் அதே வரிசையிலேயே சொல்லுதல் வேண்டும். தேசிக்காயை மறந்து தேங்காய்க்குத் தாவினால் பிள்ளையே திருத்தும்; திருத்தட்டும். சில நாட் செல்லப் பாடசாலையால் வரும் வழியில், "இண்டைக்குத் தேசிக்காயளவு ஒண்டு இருக்கு, அம்மா" என்று அதுவாகவே சொல்லவுங் கூடும். அப்போது சைக்கிளை ஓரமாக நிறுத்தி, அது என்ன சொல்லுகின்றது என்று கேட்டால், இரவு வரை அது வளரக் காத்திருக்க வேண்டியதில்லை.